ஏஞ்சல் முதலீட்டாளருக்கு அனுப்பும் முதல் குறிப்பு: எதை எழுதுவது, எதை விடுவது

புதிதாக ஸ்டார்ட்அப் தொடங்கியவர் ஏஞ்சல் முதலீட்டாளருக்கு எழுதும் முதல் மெயிலுக்கு ஒரே ஒரு வேலைதான்: இருபது நிமிடம் பேச நேரம் வாங்குவது. பணம் வருவதெல்லாம் அதற்குப் பிறகு நாலைந்து கட்டம் தாண்டித்தான். முதல் மெயிலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட நினைப்பவர்கள் நாற்பது பக்க பிட்ச் டெக்கை இணைத்து அனுப்பிவிட்டு, பதில் வரவில்லையே என்று வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

படிப்பவரின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏஞ்சல் என்பவர் தன் சொந்தப் பணத்தைப் போடுகிறவர். பெரும்பாலும் தொழில் நடத்தியவர் அல்லது நடத்திக்கொண்டிருப்பவர். உங்கள் மெயிலை இரண்டு வேலைகளுக்கு நடுவே கைபேசியில் திறக்கிறார். உங்களை அவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வரியையும் படிக்கும்போது அவருக்குள் ஓடும் கேள்வி, "இதைச் சரிபார்க்க முடியுமா?" என்பதுதான். சரிபார்க்க முடிகிற ஏழெட்டு வரிகள் இருந்தால் பேசக் கூப்பிடுவார். அந்த ஏழெட்டு வரிகளை எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

எழுதும் முன்

ஏஞ்சல் பணம் உங்கள் தொழிலுக்குப் பொருந்துமா என்பதை முதலில் பாருங்கள். அவர் வாங்குவது பங்கு. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பங்கைப் பல மடங்கு விலைக்கு விற்க முடிந்தால்தான் அவருக்கு லாபம். மாதாமாதம் நல்ல வருமானம் தரும், ஆனால் ஓர் அளவுக்கு மேல் வளராத தொழில் என்றால் அதற்கு வங்கிக் கடனும், தமிழ்நாட்டில் மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கிடைக்கும் நீட்ஸ் போன்ற மானியத் திட்டங்களும்தான் சரி. பங்கை விட்டுக்கொடுக்காமலே காரியம் நடக்கும்.

பொருந்தும் என்றால், நிறுவனம் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவாகியிருக்க வேண்டும். தனி உரிமையாளர் நிறுவனத்தில் கொடுப்பதற்குப் பங்கே இல்லை. எல்எல்பியில் பங்குப் பத்திரம் கிடையாது என்பதால் ஏஞ்சல்கள் பொதுவாக அதில் இறங்குவதில்லை. மெயில் அனுப்பிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், பேச்சு சூடாக இருக்கும் நேரத்தில் பதிவு வேலைக்காக வாரக்கணக்கில் நிற்க வேண்டி வரும்.

ஒரு குறிப்பு, முழுதாக

விளக்கத்துக்காக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக் கூடங்கள் ஏராளம். தறி ஓடினால்தான் கூலி. அது எவ்வளவு நேரம் நின்றது, எதனால் நின்றது என்பதைக் கணக்கெடுக்கும் சிறு கருவி ஒன்றைத் தறியில் மாட்டி, விவரத்தை உரிமையாளரின் கைபேசிக்கு அனுப்புவது இந்த நிறுவனத்தின் தொழில். அவர்கள் அனுப்ப வேண்டிய மெயில் இது:

> பொருள்: விசைத்தறி நிற்கும் நேரத்தைக் கணக்கெடுக்கும் கருவி, சோமனூர் – 236 தறிகள் கட்டணத்தில் – ₹60 லட்சம் திரட்டுகிறோம்
>
> வணக்கம் ஐயா. நூற்பாலை இயந்திரங்களைக் கண்காணிக்கும் நிறுவனம் ஒன்றில் நீங்கள் முதலீடு செய்திருப்பதைப் பார்த்து எழுதுகிறோம்.
>
> விசைத்தறி எப்போது நின்றது, பாவு அறுந்தா, ஊடை தீர்ந்தா, மின்சாரம் போயா என்பதைக் கூடத்தின் உரிமையாளருக்குக் கைபேசியில் காட்டும் கருவி செய்கிறோம்.
>
> ஆகஸ்ட் 31 நிலவரம்: 14 கூடங்களில் 312 தறிகளில் கருவி ஓடுகிறது. இவற்றில் 11 கூடங்கள் (236 தறிகள்) தறிக்கு மாதம் ₹150 கட்டுகின்றன. ஜிஎஸ்டி நீங்கலாக மாதம் ₹35,400. மற்ற 3 கூடங்கள் இலவசச் சோதனையில் உள்ளன. பிப்ரவரி இறுதியில் கட்டணத் தறிகள் 64. இதுவரை 2 கூடங்கள் விலகியுள்ளன; இரண்டிலும் உள்ளே சிக்னல் கிடைக்கவில்லை.
>
> முதலில் மாட்டிய 6 கூடங்களில், முதல் வாரம் ஒரு ஷிப்டுக்கு ஒரு தறி சராசரியாக 96 நிமிடம் நின்றது. எட்டாவது வாரம் 71 நிமிடம்.
>
> நாங்கள் இருவர், இருவரும் முழுநேரம். ஒருவர் 7 ஆண்டுகள் எலெக்ட்ரானிக்ஸ் வடிவமைப்பில் இருந்தவர். மற்றவர் 9 ஆண்டுகள் தறிக்கூடம் நடத்தியவர். இதுவரை சொந்தப் பணம் ₹11 லட்சம் போட்டிருக்கிறோம்.
>
> ₹60 லட்சம் திரட்டுகிறோம். கருவியின் அடக்க விலையை ₹1,900-இலிருந்து ₹1,300-க்குக் குறைத்து, 18 மாதங்களில் 1,800 கட்டணத் தறிகளை எட்டுவது திட்டம்.
>
> வரும் செவ்வாய் அல்லது வியாழன் மாலை இருபது நிமிடம் பேச முடியுமா? பத்துப் பக்க விளக்கம் இந்த இணைப்பில் உள்ளது.

அவ்வளவுதான். எந்த மொழியில் அவர் வழக்கமாக மெயில் படிப்பாரோ அந்த மொழியில் எழுதுங்கள், அமைப்பு மாறாது. கீழே உங்கள் பெயர், கைபேசி எண், நிறுவனத்தின் பதிவுப் பெயர் மூன்றும் இருக்கட்டும். பதிவுப் பெயரைப் போடுவதற்குக் காரணம் உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் பதிவான தேதியும் இயக்குநர்கள் யார் என்பதும் வந்துவிடும். அவர் நிச்சயம் தட்டிப் பார்ப்பார். மெயிலில் "மூன்று ஆண்டுகளாக இயங்கும் நிறுவனம்" என்று எழுதி, தளத்தில் பதிவுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருந்தால், மற்ற எண்கள் உண்மையாக இருந்தாலும் நம்பிக்கை போய்விடும். யோசனை தொடங்கியது எப்போது, பதிவானது எப்போது என்று இரண்டையும் சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை.

எண்கள் உள்ள பத்தி

இந்த மெயிலின் உயிர் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. புதியவர்கள் அதிகம் சறுக்குவதும் அங்கேதான். "300-க்கும் மேற்பட்ட தறிகள் எங்கள் கருவியைப் பயன்படுத்துகின்றன" என்று மட்டும் எழுதியிருந்தால் அது பொய் இல்லை. ஆனால் பேசும்போது "எத்தனை பேர் காசு கட்டுகிறார்கள்?" என்ற கேள்வி வரும். 236 என்று பதில் சொன்னதும், மீதி 76-ஐ ஏன் மறைத்தார்கள் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடும். அதே 76-ஐ நீங்களே முன்கூட்டி "சோதனையில்" என்று பிரித்துச் சொன்னால், கணக்குத் தெரிந்தவர்கள் என்று பெயர் கிடைக்கும்.

அடுத்தது ஜிஎஸ்டி. 236 தறிக்கு ₹150 வீதம் ₹35,400. இதற்கு மேல் 18 சதவீதம் வரி சேர்த்து வாடிக்கையாளர் கட்டினால் வங்கிக் கணக்கில் ₹41,772 விழும். வங்கி அறிக்கையைப் பார்த்து அதையே வருமானம் என்று எழுதுகிறவர்கள் பலர். கூடுதலாக வந்த ₹6,372 அரசாங்கத்தின் பணம். பின்னால் ஜிஎஸ்டி ரிட்டர்னோடு ஒப்பிடும்போது இது வெளியே வரும். தெரியாமல் செய்த தப்பு தெரிந்தே செய்தது போலத் தோன்றும்.

தேதி இல்லாத எண்ணால் பயனில்லை. "ஆகஸ்ட் 31 நிலவரம்" என்று போட்டு, ஆறு மாதத்துக்கு முன் எவ்வளவு என்பதையும் போட்டால் வளர்ச்சி தானாகத் தெரியும். "அசுர வளர்ச்சி" என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் விற்பனையே தொடங்கவில்லையா? அப்போதும் எண் இருக்கும்: எத்தனை கூடங்களுக்கு நேரில் போனீர்கள், எத்தனை பேர் மாட்ட விட்டார்கள், எத்தனை பேர் முன்பணம் கொடுத்தார்கள். "வாங்கிக்கொள்கிறேன்" என்று வாய்வார்த்தை சொன்னவரை ஆர்டர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விலகிய இரண்டு கூடங்களை எதற்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றலாம். காரணத்தோடு சேர்த்துச் சொல்கிறோம் என்பதால்தான். சிக்னல் இல்லை என்பது தீர்க்கக்கூடிய குறை. படிப்பவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் அங்கேயே ஒரு தீர்வு அவருக்குத் தோன்றும், அதைச் சொல்லவாவது கூப்பிடுவார். "பணம் கட்ட மனமில்லை" என்பது உண்மையான காரணமாக இருந்தால், மெயில் அனுப்பும் முன் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

சந்தை அளவை இந்த மெயிலில் எங்கும் எழுதவில்லை, கவனித்தீர்களா? இந்திய ஜவுளித் துறை இத்தனை லட்சம் கோடி என்று ஆரம்பிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணுக்கும் இந்தக் கருவிக்கும் சம்பந்தம் இல்லை என்பது படிப்பவருக்குத் தெரியும். கேட்டால் கீழிருந்து மேலே கணக்குச் சொல்லுங்கள்: ஒரு தறிக்கு ஆண்டுக்கு ₹1,800, பத்தாயிரம் தறி என்றால் ₹1.8 கோடி; ஒரு லட்சம் தறி என்றால் ₹18 கோடி. இப்படிச் சொன்னதும் "இது போதுமா, அடுத்து என்ன விற்பீர்கள்?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும்.

எவ்வளவு கேட்பது

₹60 லட்சம் என்பது குருட்டாம்போக்கில் வந்ததாக இருக்கக்கூடாது. நம் நிறுவனத்தின் கணக்கு இப்படிப் போகிறது. புதிய கருவிகள் 1,500, ஒன்று ₹1,300 வீதம் ₹19.5 லட்சம். களத்தில் மாட்டவும் விற்கவும் மூன்று பேர், மாதம் ₹35,000 வீதம் 18 மாதம், ₹18.9 லட்சம். நிறுவனர்கள் இருவருக்கும் மாதம் ₹30,000 வீதம் ₹10.8 லட்சம். கருவியின் மறுவடிவமைப்புக்கும் அச்சுக்கும் ₹5 லட்சம். ஆடிட்டர், சட்டச் செலவு ₹2.5 லட்சம். கையிருப்பு ₹3.3 லட்சம். கூட்டினால் சரியாக ₹60 லட்சம். இது மெயிலில் போகாது, தனி ஒரு பக்கத்தில் இருக்கும். பேசும்போது முதலாவதாகக் கேட்கப்படுவது இதுவாகத்தான் இருக்கும்.

கருவி விலையைக் குறைப்பதை மெயிலிலேயே சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கருவியின் செலவை நிறுவனம் ஏற்கிறது. மாதம் ₹150 வந்தால் சிம், சர்வர் செலவு ₹30 போக ₹120 நிற்கும். கருவிக்குப் போட்ட ₹1,900 திரும்ப 16 மாதம் ஆகும். ₹1,300 என்றால் 11 மாதம். வாடிக்கையாளர் ஓராண்டில் விலகினால் முதல் கணக்கில் நஷ்டம், இரண்டாவதில் சிறு லாபம். தன் தொழிலின் பலவீனமான இடம் எது, பணம் வந்தால் அது எப்படிச் சரியாகும் என்பதை ஒரே வரியில் காட்டுவது இதுதான். "மார்க்கெட்டிங், குழு விரிவாக்கம், தொழில்நுட்பம்" என்று பொதுவாக எழுதினால் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும், யாரும் நம்பமாட்டார்கள்.

நிறுவனத்தின் மதிப்பை, அதாவது எத்தனை சதவீதத்துக்கு இந்தப் பணம் என்பதை, முதல் மெயிலில் எழுதாமல் விடுவதே நல்லது. விலை அதிகமாகத் தோன்றினால் பேசாமலே விலகிவிடுவார். குறைவாக இருந்தால் நீங்களே கட்டிப்போட்டுக்கொள்கிறீர்கள். ஆனால் கேட்டால் தடுமாறக்கூடாது. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. பணம் வருவதற்கு முந்தைய மதிப்பு ₹3.4 கோடி என்றால், ₹60 லட்சம் சேர்ந்ததும் ₹4 கோடி. முதலீட்டாளருக்கு 15 சதவீதம். முந்தைய மதிப்பே ₹4 கோடி என்றால் பிந்தையது ₹4.6 கோடி; அவருக்கு 13 சதவீதம்தான். "நாலு கோடி மதிப்பு" என்று மட்டும் சொன்னால் இருவரும் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டு, கடைசியில் ஒப்பந்தத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். முந்தையதா பிந்தையதா என்பதை வாயால் சொல்லுங்கள்.

யாருக்கு, எப்படி அனுப்புவது

சென்னையில் 2007 முதல் இயங்கும் தி சென்னை ஏஞ்சல்ஸ், மதுரையை மையமாகக் கொண்ட நேட்டிவ் ஏஞ்சல்ஸ் நெட்வொர்க் போன்ற குழுக்கள் இணையதளத்தில் விண்ணப்பம் வாங்குகின்றன. அங்கே படிவம் கேட்பதை நிரப்பியாக வேண்டும். மேலே உள்ள மெயிலின் பத்திகளை அப்படியே அந்தக் கட்டங்களில் பிரித்துப் போடலாம். குழு கட்டணம் ஏதும் வாங்குமா, எந்தக் கட்டத்தில் வாங்கும் என்பதையும் அப்போதே படித்துக்கொள்ளுங்கள். தனி ஒருவர் "பணத்தை விடுவிக்க" முன்கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதலீடு செய்கிறவர் உங்களிடம் பணம் வாங்கமாட்டார்.

தனி ஏஞ்சல்களுக்கு எழுதும்போது, அவருக்குத் தெரிந்த ஒருவர் வழியாகப் போவதே சிறந்தது. அதிலும் அவர் ஏற்கெனவே முதலீடு செய்த நிறுவனத்தின் நிறுவனர் அறிமுகம் செய்தால் நல்ல மதிப்பு. அறிமுகம் செய்பவரிடம் "என்னைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். அந்த மெயிலை அவருக்கே அனுப்பி, ஒரு வரி சேர்த்து அப்படியே ஃபார்வர்டு செய்யும்படி தயாரித்துக் கொடுங்கள். அவருக்கு வேலை குறைந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்.

பட்டியலில் நாற்பது பேர் இருந்தாலும் முதலில் ஐந்தாறு பேருக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரே மெயிலில் எல்லோரையும் சேர்த்து அனுப்பினால் ஒருவரும் பதில் போடமாட்டார்கள். முதல் சுற்றில் நடப்பதை வைத்துக் குறை எங்கே என்று கண்டுபிடிக்கலாம். பதிலே வரவில்லை என்றால் பொருள் வரி சரியில்லை, அல்லது அந்தத் துறையில் ஆர்வமே இல்லாதவர்களுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். "சுவாரசியம், பிறகு பார்ப்போம்" என்று பதில் வந்து சந்திப்பு வரவில்லை என்றால் எண்கள் உள்ள பத்தியில் குறை. சந்திப்பு நடந்து இரண்டாவது சந்திப்புக்குக் கூப்பிடவில்லை என்றால் மெயிலைத் திருத்திப் பயனில்லை. தொழிலில் எந்த இடத்தில் அவர் தயங்கினார் என்பதைத் தேட வேண்டும்.

பதில் வராதவருக்கு ஏழு முதல் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். "என் மெயிலைப் பார்த்தீர்களா?" என்று கேட்காமல், புதிதாக நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்: "சோதனையில் இருந்த ஒரு கூடம், 28 தறிகள், இந்த வாரம் கட்டணத்துக்கு மாறியது." இன்னொரு முறையும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். "இப்போது வேண்டாம்" என்று சொன்னவர்களுக்கு மட்டும், அவர்கள் சம்மதித்தால், மாதம் ஒரு முறை ஐந்து வரியில் நிலவரம் அனுப்புங்கள். கெட்ட மாதத்திலும் அனுப்புங்கள். நல்ல மாதத்தில் மட்டும் வரும் மெயிலை அனுபவசாலிகள் எளிதில் கண்டுகொள்வார்கள்.

முதல் மெயிலோடு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்காதீர்கள். ஏஞ்சல்கள் இந்தக் கட்டத்தில் போடமாட்டார்கள். வெளியே தெரியக்கூடாத சர்க்யூட் வரைபடத்தையும் வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியலையும் இப்போது அனுப்பாமல் இருந்தாலே போதும்.

சட்டம் குறுக்கே வரும் இடங்கள்

மெயில் அனுப்புவதற்கும் விளம்பரம் செய்வதற்கும் இடையே கம்பெனிச் சட்டம் 2013-இன் 42-ஆம் பிரிவு கோடு போட்டிருக்கிறது. பிரைவேட் லிமிடெட் நிறுவனம் பங்கு விற்பனையைப் பொதுமக்களுக்கு விளம்பரப்படுத்தக்கூடாது. ஒரு நிதியாண்டில் தனிப்பட்ட முறையில் அழைக்கும் நபர்களும் 200-க்குள் இருக்க வேண்டும். ஆகவே "எங்கள் நிறுவனத்தில் முதலீடு செய்யுங்கள், குறைந்தபட்சம் ₹1 லட்சம்" என்று வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் போடுவது ஆபத்தான வேலை. நிறுவனம் என்ன செய்கிறது என்பதை எங்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். பங்கு விற்கும் பேச்சு பெயர் சொல்லி அழைத்தவர்களோடு மட்டும் இருக்கட்டும்.

யாராவது உற்சாகத்தில் "முதலில் ₹5 லட்சம் அனுப்பிவிடுகிறேன், காகிதம் பிறகு பார்க்கலாம்" என்பார். அதை உங்கள் சேமிப்புக் கணக்கில் வாங்கிவிடாதீர்கள். ரொக்கமாகவும் வேண்டாம். அவர் பெயருக்கு முறையான அழைப்புக் கடிதம் கொடுத்து, நிறுவனத்தின் பெயரில் இதற்கெனத் தனியாக உள்ள வங்கிக் கணக்கில்தான் வாங்க வேண்டும். வாங்கிய 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதற்கும் மேல் தாமதித்தால் 12 சதவீத வட்டி. ஒதுக்கிய 15 நாளுக்குள், அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் PAS-3 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அது தாக்கலாகும்வரை அந்தப் பணத்தில் கை வைக்கக்கூடாது. பணம் வந்த அன்றே சம்பளம் போட்டுவிட்ட நிறுவனங்கள் அடுத்த சுற்று முதலீட்டின்போது இதை விளக்க முடியாமல் திணறுகின்றன.

இப்போது கடனாக வாங்கிப் பிறகு பங்காக மாற்றும் கன்வர்ட்டிபிள் நோட் எளிது என்று கேள்விப்பட்டு அதைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் பெற்ற நிறுவனம், ஒரே நபரிடமிருந்து ஒரே தவணையில் ₹25 லட்சமோ அதற்கு மேலோ வாங்கினால்தான் அந்த வழி. பத்து லட்சம் போடுகிற ஆறு ஏஞ்சல்களைக் கொண்டு ₹60 லட்சம் திரட்டும் நம் தறி நிறுவனத்துக்கு அது பொருந்தாது. கட்டாயம் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்குகளையோ சாதாரணப் பங்குகளையோ வெளியிட வேண்டும், அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். முதல் சந்திப்பு உறுதியானதுமே ஒரு கம்பெனி செக்ரட்டரியிடம் இந்த இரண்டு வழிகளுக்கும் செலவு எவ்வளவு, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.